நான்கு பிக்சல்களில் ஒரு நகர்வு

ஒரு வீடியோவில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஃபிரேம்களை எடுத்து வைத்தால், எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று நம் கண் சொல்லிவிடும். கணினியின் கையில் இருப்பவை வெறும் வெளிச்ச எண்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண். கருமைக்கு 0, வெண்மைக்கு 255. அந்த எண்களிலிருந்து நகர்வைக் கணக்கிட புரூஸ் லூகாஸ், தகேயோ கனாதே என்ற இருவர் 1981இல் ஒரு வழி சொன்னார்கள். இன்றும் பரவலாகப் புழங்கும் முறை அது. பள்ளிக்கூட இயற்கணிதம் தெரிந்தவர் காகிதத்திலேயே அதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் ஃபிரேமின் ஒரு சிறு துண்டு இது:

```
60 50 40 30
50 50 50 50
40 50 60 70
30 50 70 90
```

இதன் நடுவில் உள்ள நான்கு பிக்சல்கள்தான் நம் சாளரம். இரண்டாவது ஃபிரேமில் அதே நான்கு இடங்களில் இருப்பவை:

```
51 49
46 54
```

படம் எவ்வளவு நகர்ந்தது என்பது எனக்குத் தெரியும். விடையைச் சரிபார்ப்பதற்காக நானே ஒரு சூத்திரம் வைத்து இரண்டு ஃபிரேம்களையும் உண்டாக்கினேன். வலப்பக்கம் 0.5 பிக்சல், கீழ்ப்பக்கம் 0.2 பிக்சல். எண்களை மட்டும் பார்த்து இந்த விடையை எட்ட முடியுமா என்பதே கேள்வி.

மூன்றாம் வரிசையின் இரண்டாம் பிக்சலில் தொடங்குவோம். அதன் மதிப்பு 50. இடப்பக்கம் 40, வலப்பக்கம் 60. ஆக, வலப்பக்கம் ஒரு பிக்சல் போனால் வெளிச்சம் 10 கூடுகிறது. இதைச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். படம் வலப்பக்கம் நகர்ந்தால், இந்த இடத்துக்கு இடப்பக்கத்து மங்கல் வந்து சேரும், வெளிச்சம் குறையும். உண்மையிலேயே 50 என்பது 46 ஆகியிருக்கிறது, 4 குறைவு. மேலும் கீழும் இருப்பவை 50, 50 என்பதால் அந்தத் திசையில் சரிவே இல்லை. வலப்பக்க நகர்வை u என்றும் கீழ்ப்பக்க நகர்வை v என்றும் கொண்டால், இந்தப் பிக்சல் சொல்வது 10u = 4.

இதற்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: பொருள் இடம் மாறினாலும் அதன் வெளிச்சம் மாறவில்லை. அது பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பிக்சல் v பற்றி வாய் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பிக்சலும் தனியாக நின்றால் இதே கதைதான். ஒரு பிக்சலுக்கு ஒரு சமன்பாடு. தெரிய வேண்டியவையோ இரண்டு. ஒரு சிறு துளை வழியே நீளமான கம்பி ஒன்று நகர்வதைப் பார்த்தால், குறுக்கே நகர்வது தெரியும். தன் நீளவாக்கிலேயே வழுக்கினால் தெரியாது. இந்தத் துறையினர் இதைத் துளைச் சிக்கல் என்கிறார்கள்.

லூகாஸும் கனாதேயும் செய்தது, பக்கத்துப் பிக்சல்களையும் சாட்சிக்கு அழைத்தது. சிறு சாளரத்துக்குள் எல்லாமே ஒன்றாகத்தான் நகர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே u, v ஜோடி எல்லாப் பிக்சல்களுக்கும் பொருந்த வேண்டும். மற்ற மூன்றையும் அதே வழியில் கணக்கிட்டால்:

```
 0u +  0v = -1
 0u + 10v =  1
10u +  0v =  4
10u + 10v =  6
```

முதல் வரி எந்தப் பக்கமும் சரிவில்லாத சமதளப் பிக்சலிலிருந்து வந்தது, அதனால் பயனில்லை. மற்ற மூன்றையும் பாருங்கள். v = 0.1 என்கிறது ஒன்று, u = 0.4 என்கிறது அடுத்தது. இரண்டையும் கூட்டினால் 0.5. ஆனால் கடைசி வரி 0.6 என்கிறது. மூன்றையும் ஒருசேர நிறைவேற்றும் u, v கிடையாது.

இங்கேதான் மீச்சிறு வர்க்க முறை வருகிறது. ஒவ்வொரு சமன்பாட்டிலும் மிஞ்சும் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்த u, v-க்கு மிகச் சிறியதாகிறதோ அதையே விடையாக எடுப்பது. இதற்கு ஒவ்வொரு வரியையும் அதன் u கெழுவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பிறகு v கெழுவாலும் அப்படியே. எத்தனை பிக்சல்கள் இருந்தாலும் மிஞ்சுவது இரண்டே சமன்பாடுகள்:

```
200u + 100v = 100
100u + 200v =  70
```

இவற்றைத் தீர்த்தால் u = 0.433, v = 0.133. இந்த விடையைப் பழைய மூன்று வரிகளில் போட்டால் ஒவ்வொன்றிலும் மிஞ்சும் பிழை சரியாக 0.33. முரண்பாட்டை மூன்று சாட்சிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன.

உண்மை 0.5, 0.2 அல்லவா? இரண்டிலும் 0.067 குறைகிறது. சரிவு போகிற வழியெல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டதால் வந்த குறை இது. அதைச் சரிசெய்ய, கிடைத்த விடையின் அளவுக்கு இரண்டாவது ஃபிரேமைப் பின்னுக்குத் தள்ளி, மிச்சமிருக்கும் நகர்வுக்கு மறுபடி இதே கணக்கைப் போடுவார்கள். நம் உதாரணத்தில் இரண்டாம் சுற்றில் இரு திசையிலும் 0.064 கூடி, விடை 0.497, 0.197 என்று வந்துவிடுகிறது.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது, தன்னை எப்போது நம்பக்கூடாது என்பதைக் கணக்கே சொல்லிவிடுவது. துண்டின் ஒவ்வொரு வரிசையும் 30, 40, 50, 60 என்று இருந்தால், நான்கு பிக்சல்களின் சரிவும் வலப்பக்கம்தான். v-யின் கெழுக்கள் எல்லாம் 0, அணிக்கோவையும் 0. நம் உதாரணத்தில் அது 200 × 200 − 100 × 100 = 30,000. கோடுகள் சாய்வாக இருந்தாலும் இதே கதி: எல்லாச் சரிவும் ஒரே திசை என்றால் துளைச் சிக்கல் தீராது. மூலைகளில் மட்டுமே சரிவு பல திசைகளில் ஓடும். அதனால்தான் 1994இல் ஜியான்போ ஷி, கார்லோ டொமாசி இருவரும், எந்தப் புள்ளியைப் பின்தொடர்வது என்பதை இதே கெழுக்களை வைத்தே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அணியின் இரண்டு ஐகன் மதிப்புகளில் சிறியதும் போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் சாளரத்தில் அவை 300, 100.

இனி அந்த அனுமானம். இரண்டாவது ஃபிரேமின்போது விளக்கு சற்றுப் பிரகாசமாகி, எல்லாப் பிக்சலிலும் 5 கூடிவிட்டது என்போம். கணக்கைத் திரும்பப் போட்டால் u = 0.1, v = −0.2. கீழே போன படத்தை மேலே போனதாகச் சொல்கிறது! அணிக்கோவை இங்கே எச்சரிக்காது, ஏனென்றால் அது முதல் ஃபிரேமின் சரிவுகளை மட்டுமே பார்க்கிறது. காட்டிக்கொடுப்பது மிஞ்சிய பிழைதான், 0.33 ஆக இருந்தது 2 ஆகிவிட்டது. சரிவே இல்லாத பிக்சலும் 50இலிருந்து 56க்குத் தாவி நிற்கிறது. எவ்வளவு நகர்ந்தாலும் மாறக்கூடாத இடம் அவ்வளவு மாறினால், மாறியது வெளிச்சம்தான் என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட காட்சிகளில் வெளிச்ச மாற்றத்தையும் மூன்றாவது தெரியாத எண்ணாகச் சேர்த்துத் தீர்ப்பார்கள்.

நகர்வு பெரிதானால் வேறொரு தொல்லை. ஒன்றிரண்டு பிக்சலுக்கு மேல் போனால், இங்கே அளந்த சரிவுக்கும் அங்கே உள்ள வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இருக்காது. எத்தனை சுற்று ஓட்டினாலும் விடை வேறெங்கோ போய் உட்காரும். அதற்காகப் படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சுருக்குகிறார்கள். 8 பிக்சல் நகர்வு அரைக்கால் படத்தில் 1 பிக்சல்தான். அங்கே தோராயமாகக் கண்டுபிடித்து, அதை இரட்டித்துப் பெரிய படத்துக்கு எடுத்துச் சென்று, படிப்படியாகத் திருத்துகிறார்கள். ஓபன்சிவி மென்பொருளின் `calcOpticalFlowPyrLK` செய்வது இதைத்தான். அதன் சாளரம், மாற்றாமல் விட்டால், 21 × 21. அதாவது நம் நான்குக்குப் பதில் 441 சமன்பாடுகள். தீர்க்க வேண்டியவை அங்கும் இரண்டேதான்.