இருட்டில் வெளுக்கும் சிவப்பு

ஒரு புடவைக்கடைக்கு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையின் அடையாளம் அடர்சிவப்பு. கணினிக் குறியீட்டில் #B71C1C. வெள்ளைப் பின்னணியில் அந்தச் சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். இரண்டின் ஒளிர்வு விகிதம் சுமார் 6.6. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்பது சர்வதேச விதி.

டார்க் மோடுக்கு மாறியதும் பின்னணி #121212 என்ற கருஞ்சாம்பல் ஆகிறது. அதே சிவப்பு எழுத்தின் விகிதம் 2.9க்கும் கீழே போய்விடுகிறது. விலையைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டும்.

கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு இதற்கு ‘டோன்’ என்ற அளவைப் பயன்படுத்துகிறது. கருப்பு 0, வெள்ளை 100. நம் சிவப்பின் டோன் ஏறத்தாழ 40. இரண்டு நிறங்களுக்கு நடுவே 50 டோன் இடைவெளி இருந்தால், அவை எந்த நிறமானாலும் 4.5 கிடைத்துவிடும். அதனால் முதன்மை நிறத்துக்கு வெளிச்சத்தில் டோன் 40ஐயும் இருட்டில் 80ஐயும் மெட்டீரியல் எடுத்துக்கொள்கிறது. நம் சிவப்பு 80க்குப் போனால் #FFB4AB போன்ற வெளிர்நிறம் வரும். விகிதம் 11.

கடைக்காரர் இங்கேதான் முகம் சுளிப்பார்: “இது ரோஸ் கலர், எங்க கலர் இல்லையே!” அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுத்துக்கும் சின்ன ஐகான்களுக்கும் வெளிர்நிறத்தைக் கொடுத்துவிட்டு, லோகோவிலும் ‘வாங்கு’ பொத்தானிலும் அசல் சிவப்பை நிரப்பி மேலே வெள்ளை எழுத்து வைக்கலாம். அந்தச் சிவப்பும் வெள்ளையும் எந்த மோடிலும் மாறாத ஜோடி, விகிதம் 6.6லேயே நிற்கும்.

ஜோடியைப் பிரித்தால்தான் வம்பு. பொத்தானின் பின்னணியை மட்டும் தீமிடம் விட்டுவிட்டு, எழுத்தை ‘வெள்ளை’ என்று நிரலில் ஆணியடித்து வைப்பவர்கள் நிறையப் பேர். இருட்டில் பின்னணி வெளிர்நிறமாகும், வெள்ளை எழுத்து அதில் கரைந்துபோகும். விகிதம் 1.7தான். primary மேல் எப்போதும் onPrimary நிறத்தையே வைத்தால் இது வராது.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இன்னொரு சிக்கலையும் கூட்டியது. போனின் வால்பேப்பரிலிருந்தே நிறங்களை எடுத்து ஆப்புக்குத் தரும் வசதி அது. வாடிக்கையாளர் வயல்வெளிப் படம் வைத்திருந்தால் primary பச்சையாகிவிடும். ஆகவே கடைச்சிவப்பை primaryயில் வைக்காமல், வால்பேப்பர் தொட முடியாத தனி நிறமாக அறிவித்துவிட வேண்டும். மெனு, சுவிட்ச், தேடல் பெட்டி எல்லாம் வாடிக்கையாளரின் நிறத்துக்கே போகட்டும். புடவை வாங்க வந்தவர் சுவிட்சின் நிறத்தைப் பார்த்துக் கடையை அடையாளம் காண்பதில்லை. ஆண்ட்ராய்டு 11ஓ அதற்கு முந்தையதோ உள்ள போன்களில் இந்த வசதி கிடையாது. அவற்றுக்குக் கடையின் சிவப்பிலிருந்து உருவாக்கிய வெளிச்ச, இருட்டு நிறத்தொகுப்புகளைத் தயாராக வைக்க வேண்டும்.

சோதிக்க, மஞ்சள், நீலம், சாம்பல் வால்பேப்பர்களை மாற்றி மாற்றி வைத்து, இரண்டு மோடிலும் ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள். கூகுளின் ‘அக்சஸிபிலிட்டி ஸ்கேனர்’ ஆப், விகிதம் குறைந்த எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டிவிடும்.