மெத்தைக்கு முன் கட்டிலை அளங்கள்

இணையத்தில் மெத்தை விற்கும் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது விலை, அடுத்து கனம். ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று கனம் ஏற ஏற விலையும் ஏறும். கனமான மெத்தைதான் நல்ல மெத்தை என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறோம். ஆனால் வந்து இறங்கிய மெத்தை வீட்டுக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் திருப்பித் தர முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் அதே பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. ஒரு எண் மட்டும் அங்கே இருக்காது. அது உங்கள் கட்டிலின் உள்ளளவு. அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

நம் நாட்டுச் சந்தையில் மெத்தையின் நீளம் பெரும்பாலும் 72, 75, 78 அங்குலம் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். அகலம் 30, 36, 48, 60, 72 என்று போகும். ‘குயின்’ என்றால் 60 அகலம், ‘கிங்’ என்றால் 72 அகலம் என்பது பொதுவான வழக்கம். நீளத்துக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஒரே கடையில் 72×60, 75×60, 78×60 மூன்றுக்கும் ‘குயின்’ என்றே பெயர் இருக்கும். அமெரிக்காவில் குயின் என்றால் 80×60. அதனால் பெயரைப் பார்த்து வாங்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சில பக்கங்களில் சென்டிமீட்டரில் 190×152 என்று போட்டிருக்கும். அதுவும் 75×60தான்.

ஆசாரி செய்து கொடுத்த தேக்குக் கட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அதை ‘ஆறேகாலுக்கு அஞ்சு’ கட்டில் என்பார்கள். ஆறேகால் அடி என்றால் 75 அங்குலம், ஐந்தடி என்றால் 60 அங்குலம். ஆகவே 75×60 மெத்தை வாங்கலாம் என்று தோன்றும். டேப்பை எடுத்துத் தலைமாட்டுப் பலகையின் உள்முகத்திலிருந்து கால்மாட்டுப் பலகையின் உள்முகம் வரை அளந்து பாருங்கள். இடது ஓரத்தில் 74¾, நடுவில் 74½, வலது ஓரத்தில் 74½ என்று வரலாம். கையால் இழைத்து இணைத்த மரத்தில் இது சகஜம். அதனால்தான் நீளத்தை மூன்று இடத்திலும் அகலத்தை மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். மிகச் சிறிய எண்ணே உங்கள் அளவு.

இப்போது விவரப் பக்கத்தின் அடிக்குப் போங்கள். ‘அளவில் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம்’ என்பது போல ஒரு வரி இருக்கும். அந்தக் கணக்குப்படி 75 என்று விற்கும் மெத்தை 75½ ஆகவும் வரலாம். அதை 74½-க்குள் இறக்க வேண்டும். முழுக்க ஃபோம் என்றால் அழுத்தினால் உள்ளே போய்விடும், ஆனால் விரிப்பைச் செருகும்போது விரல் நுழையாது. ஸ்பிரிங் மெத்தையும் காயர் மெத்தையும் அப்படிச் சுருங்கிக் கொடுக்காது. நடுவில் மேடு தட்டும், அந்த மேட்டில்தான் இரவெல்லாம் படுக்க வேண்டியிருக்கும். கட்டிலின் உள்ளளவைவிட மெத்தை எல்லாப் பக்கமும் சேர்த்து அரை அங்குலமாவது குறைவாக இருப்பது நல்லது. இந்தக் கட்டிலுக்கு 74×60 என்று சொல்லிச் செய்து வாங்கலாம். அகலத்தையும் இதேபோல் அளந்து பார்த்துவிட்டே சொல்லுங்கள். இல்லையென்றால் 72×60 வாங்கித் தலைமாட்டில் இரண்டரை அங்குல இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டில் எதை எடுப்பது என்பதற்குள் திருப்பித் தரும் விதியும் நுழைகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கனத்தையும் கட்டிலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தரையிலிருந்து கட்டில் பலகை வரை 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அங்குல மெத்தை போட்டால் உட்காரும் உயரம் 22 அங்குலம். உட்காரும்போது ஓர் அங்குலம் அமுங்கினாலும் 21. சராசரி உயரமுள்ள வயதான அம்மாவுக்கு இந்த உயரத்தில் பாதம் தரையில் முழுதாகப் பதியாது. நடுராத்திரி எழும்போது நுனிக்கால் ஊன்றி இறங்க வேண்டிவரும். பெரியவர்கள் படுக்கும் கட்டிலில் உட்காரும் உயரம் 18, 19 அங்குலத்துக்குள் இருந்தால் பாதமும் பதியும், தொடையும் சமமாக இருக்கும். அதே கட்டிலுக்கு ஐந்து அங்குல மெத்தையே போதும். பக்கச் சட்டம் உயர்ந்து, மெத்தை தொட்டிக்குள் இறங்குவது போன்ற கட்டில் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு மேல் மெத்தை குறைந்தது இரண்டு மூன்று அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும் ஒவ்வொரு முறையும் மரத்தின் விளிம்பு தொடையில் அழுத்தும்.

சரி, ஆறு அங்குலம் என்று முடிவு செய்தாயிற்று. அந்த ஆறு அங்குலத்துக்குள் என்ன இருக்கிறது? இங்கேதான் விலையின் ரகசியம். ஃபோமின் தரத்தை அடர்த்தி என்ற எண் காட்டும். ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். ‘32 அடர்த்தி’, ‘40 அடர்த்தி’ என்று போட்டிருப்பார்கள். அடர்த்தி அதிகமென்றால் மெத்தை கடினமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 50 அடர்த்தி மெமரி ஃபோம் மெத்தென்று இருக்கும். அடர்த்தி காட்டுவது உழைப்பை, அதாவது எத்தனை வருஷம் குழி விழாமல் தாங்கும் என்பதை. நல்ல விவரப் பக்கத்தில் ஒவ்வோர் அடுக்கின் கனமும் அடர்த்தியும் தனித்தனியாக இருக்கும். ‘மெமரி ஃபோம் மெத்தை’ என்று மட்டும் போட்டுவிட்டு அடுக்கைச் சொல்லாத பக்கம் என்றால், மேலே ஓர் அங்குலம்தான் மெமரி ஃபோமாக இருக்கும், மீதி ஐந்தும் சாதாரண ஃபோமாக இருக்கலாம். அதில் குற்றமில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

சொல்வது உண்மையா என்று எடையை வைத்து நாமே பார்த்துக்கொள்ளலாம். 190×152 சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் கனம் என்றால், 1.9, 1.52, 0.15 மூன்றையும் பெருக்குங்கள். 0.433 கனமீட்டர் வரும். 32 அடர்த்தியால் பெருக்கினால் ஏறக்குறைய 14 கிலோ. மேலுறையின் எடையும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். வந்த பெட்டியைக் குளியலறைத் தராசில் நிறுத்திப் பார்த்து ஒன்பது கிலோதான் காட்டுகிறது என்றால், உள்ளே இருப்பது 32 இல்லை, 21-ஐக்கூட எட்டவில்லை. விவரப் பக்கத்திலேயே பொருளின் எடை போட்டிருந்தால் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். இது முழு ஃபோம் மெத்தைக்கு மட்டும் பொருந்தும். காயர் மெத்தையும் ஸ்பிரிங் மெத்தையும் இதைவிடக் கனமானவை.

அடுத்தது கடினத்தன்மை. விவரப் பக்கத்தில் நம்பத் தகுதி குறைந்த வரி இதுதான் என்பேன். ‘மீடியம் ஃபர்ம்’ என்பதும் பத்துக்கு ஏழு என்பதும் அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். ஒரு நிறுவனத்தின் ஏழு இன்னொன்றின் ஐந்தாக இருக்கும். 50 கிலோ எடையுள்ளவருக்குக் கல்லாக இருப்பது 90 கிலோ உள்ளவருக்கு இதமாக இருக்கும். மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மே மாதச் சென்னையில் மின்விசிறிக்கடியில் ஒரு மாதிரியும், குளிரூட்டிய அறையில் இன்னொரு மாதிரியும் இருக்கும்.

‘ஆர்த்தோ’ என்று எழுதி, பலகை போன்ற மெத்தையை முதுகுவலிக்கு விற்பது நம் ஊரில் பழகிய ஒன்று. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரில் ஒரு சாராருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். வலியும் அன்றாட வேலைத் தடையும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே அதிகம் குறைந்திருந்தன. அந்த ஆய்வில் பயன்படுத்திய ஐரோப்பிய அளவுகோலில் 1 என்பது மிகக் கடினம், 10 என்பது மிக மென்மை. நம் விற்பனைப் பக்கங்கள் பலவற்றில் இது தலைகீழ். எந்த முனை கடினம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

படுத்துப் பார்த்தால் ஒழியக் கடினத்தன்மை தெரியாது என்பதால்தான் ‘100 இரவு சோதனை’ என்ற சலுகையே வந்தது. அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். நாள் கணக்கு ஆர்டர் செய்த அன்று தொடங்குகிறதா, வீட்டில் இறக்கிய அன்றா? குறைந்தது இத்தனை இரவு படுத்த பிறகே திருப்பலாம் என்று இருக்கிறதா? கறை பட்டால் எடுப்பார்களா? பல நிறுவனங்கள் எடுப்பதில்லை, அதனால் முதல் நாளிலிருந்தே மேலுறை போட்டுவிடுங்கள். எடுத்துப்போக உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்பதையும் பாருங்கள். சுருட்டி அழுத்தி வந்த மெத்தையை வீட்டில் மறுபடி அப்படிச் சுருட்ட முடியாது. அதே மெத்தையை நிறுவனத்தின் தளத்தில் வாங்கினால் ஒரு விதி, பெரிய விற்பனைத் தளத்தில் வாங்கினால் வேறு விதி என்றும் இருக்கலாம்.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். சொல்லிச் செய்த அளவுக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனைச் சலுகை கிடையாது. ஆக 74×60 என்று செய்து வாங்குகிறவர், படுக்கப் பிடிக்காவிட்டாலும் அதிலேயேதான் படுக்க வேண்டும். இதற்கு வழி உண்டு. அதே வகை மெத்தையை ஒரு கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ கால் மணி நேரமாவது, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கமாகப் படுத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். அதற்கு வாய்ப்பில்லையென்றால் 72×60 எடுப்பதே புத்திசாலித்தனம். இடைவெளியில் ஒரு திண்டை வைத்துவிடலாம்.

உத்தரவாதம் என்பது வேறு. பிடிக்கவில்லை என்பதற்கு உத்தரவாதம் உதவாது, பழுதுக்கு மட்டும்தான் உதவும். ஆள் இல்லாதபோதும் ஓர் அங்குலத்துக்கோ ஒன்றரை அங்குலத்துக்கோ மேல் குழி நின்றால்தான் பழுது என்று ஏற்பார்கள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, குழியில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டிலின் குறுக்குப் பலகைகளுக்கிடையே இடைவெளி அதிகமென்றால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. எத்தனை அங்குலம் வரை அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள், கூடுதலாக இருந்தால் மேலே ஒரு ப்ளைவுட் போட்டுவிடலாம்.

விரிப்பு வாங்கும்போது மெத்தையின் கனத்தை மறந்துவிடுகிறோம். 60 அகலம், எட்டு அங்குலக் கனம் என்றால் இரு பக்கமும் இறங்குவதற்கு 16, அடியில் செருகுவதற்கு இரு பக்கமும் ஏழு ஏழு. மொத்தம் 90 அங்குல அகலம் வேண்டும். எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் அதன் பை ஆழம் மெத்தைக் கனத்தைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும்.

திருப்பித் தருதல், பணம் திருப்புதல், உத்தரவாதம் ஆகியவற்றின் விவரங்களை விற்பவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2020-ல் வந்த இணைய வணிக விதிகள் சொல்கின்றன. பணம் கட்டும் முன் அளவு, அடுக்கு விவரம், சோதனை நிபந்தனை மூன்றும் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பக்கம் மாறிவிடலாம். வந்த பொருள் அதற்கு ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.