ஓடிய சில நிமிடங்களில் நிற்கும் ஜன்னல் ஏ.சி.

ஜன்னல் ஏ.சி. போட்ட சில நிமிடங்களில் நின்றுவிட்டால், அதை நிறுத்தியது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நிறுத்தக்கூடிய காவல் கருவிகள் இரண்டு உண்டு. ஒன்று, சுவிட்ச் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. மற்றொன்று ஏ.சி.க்குள்ளேயே, கம்ப்ரஸரின் தலையில் ஒரு சிறு மூடிக்கு அடியில் இருக்கும் ஓவர்லோடு. எம்.சி.பி. விழுந்தால் ஏ.சி. முழுதும் அடங்கிவிடும். ஓவர்லோடு வெட்டினால் கம்ப்ரஸர் மட்டும் நிற்கும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் வரும் காற்றில் குளிர்ச்சி இருக்காது. அறை நன்றாகக் குளிர்ந்தபின் கம்ப்ரஸர் நிற்பது தெர்மோஸ்டாட்டின் வேலை, அது பழுதல்ல. அறை இன்னும் புழுங்கும்போதே நின்றால்தான் கோளாறு.

இந்த இரண்டு காவல்களும் வேலை செய்யும் விதம் புரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். ஓவர்லோடுக்குள் ஒரு ஈருலோகத் தகடு இருக்கிறது. கம்ப்ரஸரின் மேல்தோடு அளவுக்கு மீறிச் சுட்டாலோ, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தாலோ அந்தத் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும். எம்.சி.பி.க்குள்ளும் அதேபோன்ற ஒரு தகடு உண்டு. கூடவே ஒரு காந்தச் சுருளும் உண்டு. மின்சாரம் திடீரென்று பல மடங்கு பாய்ந்தால் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டும். கொஞ்சம் கூடுதலாக நெடுநேரம் பாய்ந்தால் தகடு மெல்லச் சூடேறி வெட்டும். அதனால், நிற்க எடுத்துக்கொண்ட நேரமே ஒரு தடயம்.

ஒன்றரை டன் ஜன்னல் ஏ.சி. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் 230 வோல்ட், 7.8 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதற்கென்று தனி லைனும், 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் உள்ளன. இரவில் ஒழுங்காக ஓடுகிறது. பகல் 2 மணிக்குப் போட்டால் கால் மணி நேரத்தில் குளிர் நின்று வெறும் காற்று வருகிறது. சில சமயம் அதற்குச் சற்றுப் பிறகு எம்.சி.பி.யும் விழுகிறது. ஜன்னல் ஏ.சி.யில் அடிக்கடி காணப்படும் கோளாறு இதுதான். இங்கே பெரும்பாலும் குற்றவாளி பின்பக்கக் கன்டென்சர்.

அறையிலிருந்து இழுத்த வெப்பத்தை வெளியே கொட்டுவது கன்டென்சர். அதன் அலுமினியத் தகடுகள் காகிதம் போல் மெல்லியவை, மிக நெருக்கமானவை. ஃபேன் வெளிக்காற்றைப் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியே இழுத்து, இந்தத் தகடுகளின் ஊடாகப் பின்னால் தள்ளுகிறது. பல மாடல்களில் ஃபேனின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும். அடித்தட்டில் தேங்கும் நீரை அது வாரிக் கன்டென்சர்மேல் தெளிக்கும். வெப்பம் சீக்கிரம் இறங்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் தெருப்புழுதியும் பஞ்சும் அந்த நீரோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே சேறாகி, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். அடைப்பு ஃபேன் இருக்கும் உட்பக்கத்தில்தான் படிகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குத் தகடுகள் பளிச்சென்று சுத்தமாகவே தெரியும். ஏ.சி.யைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் கன்டென்சருக்குள் கேஸின் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரம் இழுக்கும். மேற்சொன்ன ஏ.சி.யில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் போட்ட உடனே 8 ஆம்பியருக்குள் காட்டும். சில நிமிடங்களில் 9, 10 என்று நிற்காமல் ஏறும். 11-ஐத் தொடும்போது ஓவர்லோடு வெட்டிவிடும். இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் அதே அழுக்கோடு ஒப்பேற்றிவிடுகிறது. தகட்டில் உள்ள 7.8 என்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளக்கும் கணக்கு. 40 டிகிரி வெயிலில் சுத்தமான ஏ.சி.யும் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும். ஆனால் அது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும், ஏறிக்கொண்டே போகாது.

11 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. விழக் கூடாதே என்று கேட்கலாம். அந்த அளவுக்கு அது விழுவதும் இல்லை. விழுவது அடுத்த கட்டத்தில். கம்ப்ரஸர் நின்றதும் ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். இரண்டும் சமமாகச் சுமார் 3 நிமிடம் வேண்டும். அதற்குள் மறுபடி மின்சாரம் கிடைத்தால் கம்ப்ரஸரால் சுழலத் தொடங்க முடியாது. சுழலாமல் சிக்கிய மோட்டார் 40 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஓவர்லோடு சில நொடிகளில் மறுபடி வெட்டும். வெட்டத் தாமதமானாலோ, ஆறுவதற்குள் பலமுறை முயன்றாலோ எம்.சி.பி.யின் தகடும் சூடேறி விழுந்துவிடும். மின்சாரம் போய் உடனே வரும்போதும், பொறுமையிழந்து சுவிட்சை அணைத்துப் போடும்போதும் நேர்வது இதேதான். ரிமோட் உள்ள மாடல்களில் பெரும்பாலும் 3 நிமிடத் தாமதம் உள்ளேயே இருக்கிறது. திருகுக் குமிழ் வைத்த பழைய மாடல்களில் இல்லை. ஸ்டெபிலைசர்தான் அந்தத் தாமதத்தைத் தர வேண்டும்.

பலரும் தவறாமல் கழுவுவது முன்பக்க வலையை. அது அடைத்தால் குளிர் குறையும், உள் காயிலில் பனிக்கட்டி கட்டும், ஆம்பியர் ஏறாது. ஆம்பியரை ஏற்றுவது பின்பக்கம்தான். பிளக்கைக் கழற்றி, ஏ.சி.யை வெளியே எடுத்து, ஃபேன் மோட்டாரையும் மின் இணைப்புகளையும் பாலித்தீனால் மூடி, மெல்லிய நீர்வீச்சில் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அடித்தால் சேறு வந்த வழியே திரும்பி வரும். வேகமான பம்ப் தண்ணீர் தகடுகளை மடக்கிவிடும். கழுவி உலர்த்திய பின் ஆம்பியர் 8-ஐ ஒட்டி நிலைத்தால் வேலை முடிந்தது.

சுத்தமாக இருந்தும் ஆம்பியர் ஏறினால், பொருத்திய விதத்தைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் துவாரங்கள் முழுதும் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். தடித்த சுவரில் துளையிட்டு உள்ளே தள்ளி வைத்தால் அவை சுவருக்குள் புதைந்துபோகும். திருட்டுப் பயத்தில் அடித்த கிரில், பின்னால் நெருக்கமாக எழும்பிய பக்கத்து வீட்டுச் சுவர், மழைக்காகக் கட்டிய தகரப்பெட்டி எல்லாமே வெளியேறிய சூடான காற்றைத் திரும்ப உள்ளே இழுக்க வைக்கும். ஆண்டுக்கு ஆண்டு சர்வீஸ் செய்தும் தீராத பல தொல்லைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கோளாறுக்கு வரும் மெக்கானிக் சிலர் பார்த்ததுமே கேஸ் குறைவு என்று சொல்லிவிடுவதுண்டு. அதைச் சோதிக்கவும் கிளாம்ப் மீட்டர் போதும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறையும், ஆம்பியர் 7.8-க்கு நன்றாகக் கீழே, 5 அல்லது 6-இல் நிற்கும். மோட்டாரின் சூட்டை எடுத்துச்செல்வதும் கேஸ்தான் என்பதால், நெடுநேரம் ஓடியபின் கம்ப்ரஸர் சூடாகி ஓவர்லோடு வெட்டவும் கூடும். ஆனால் குறைந்த கேஸ் எம்.சி.பி.யை வீழ்த்தாது. ஆம்பியர் கூடுதலாக இருக்கும் ஏ.சி.யில் மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறிக் கோளாறு முற்றும்.

அடுத்த காரணம் வோல்டேஜ். கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலை மாறாததால், வோல்டேஜ் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும். தொடங்கும்போது இன்னும் மோசம்: மோட்டாரின் தொடக்க விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் விசை ஐந்தில் மூன்று பங்காகிவிடும். கோடை இரவு 10 மணிக்குத் தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது மட்டும் கோளாறு வந்தால் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம். ஸ்டெபிலைசர் இதைச் சரிசெய்யும். ஆனால் ஒன்றரை டன்னுக்கு 4 கே.வி.ஏ. அளவாவது வேண்டும். வரும் வோல்டேஜ் அதன் எல்லைக்குக் கீழே போனால் ஸ்டெபிலைசரே வெட்டிவிடும் என்பதால், ஏ.சி. நின்ற நேரத்தில் அதன் முகப்பில் என்ன எண் காட்டுகிறது என்று பார்ப்பது அவசியம்.

போட்டதும் கம்ப்ரஸர் முனகி, சில நொடிகளில் 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முனகினால் கபாசிட்டரைப் பார்க்க வேண்டும். மோட்டார் சுழலத் தொடங்க உதவும் சிறு உருளை அது. வெயிலிலும் சூட்டிலும் கிடந்து அதன் மதிப்பு குறையும். சிலவற்றில் தலை உப்பியிருக்கும். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவை மீட்டரில் சரிபார்த்து, அதே அளவில் மாற்றினால் போதும். இதைவிட மலிவான பழுது ஏ.சி.யில் அரிது. இதைப் பார்க்காமல் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கபாசிட்டர் மின்னூட்டத்தை வைத்திருக்கும்; பழகாத கை அதைத் தொடக் கூடாது. ஃபேனுக்கான கபாசிட்டர் பழுதானால் ஃபேன் மெதுவாகச் சுற்றி, அடைத்த கன்டென்சரைப் போன்ற அதே விளைவைத் தரும்.

ஆம்பியர் சரியாக இருந்தும் அரைமணியில் எம்.சி.பி. விழுந்தால் கோளாறு ஏ.சி.யில் இல்லை. எம்.சி.பி.யின் திருகு தளர்ந்திருந்தால் அந்த இணைப்பு சூடாகும். சூடு உள்ளே இருக்கும் தகட்டுக்குப் பரவி, மின்சாரம் அளவோடு இருந்தும் அது வளைந்துவிடும். பழைய எம்.சி.பி.யும் இப்படி வலுவிழக்கும். பிளக்கைக் கழற்றினால் முள் கறுத்திருப்பதும், சாக்கெட் பழுப்பேறி உருகியிருப்பதும் அதே கதையின் மறுமுனை. ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது இதற்கு நேர்வழி. கெய்சர், இஸ்திரிப் பெட்டி அதே லைனில் இருந்தாலும் கூட்டுச்சுமையில் விழும். இந்த நிலையில் 16-ஐக் கழற்றி 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது மிக ஆபத்தான வைத்தியம். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. பெரிய எம்.சி.பி. போட்டால் அது விழுவதற்கு முன் ஒயர் சூடாகித் தீப்பிடிக்க வழியுண்டு.

கடைசியாக, சுவிட்சைப் போட்ட கணமே விழும் வகை. விழுவது எம்.சி.பி.யா, எர்த் கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யா என்று பார்க்க வேண்டும். வீடுகளில் உள்ள ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டும். மழைநீர் ஃபேன் மோட்டாரில் இறங்கியிருந்தாலோ, எலி ஒயரைக் கடித்திருந்தாலோ, கம்ப்ரஸர் சுருளின் காப்பு கெட்டிருந்தாலோ அது விழும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்து, அப்போதும் விழுந்தால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். நின்றால் ஏ.சி.யில். ஏ.சி.யில்தான் என்றால், மெக்கானிக் கம்ப்ரஸரின் மூன்று முனைகளிலிருந்தும் ஒயரை எடுத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டிப் பார்ப்பார். ஃபேன் சிக்கலின்றி ஓடி, கம்ப்ரஸர் முனைக்கும் அதன் தோட்டுக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால் சுருள் எரிந்துவிட்டது. கம்ப்ரஸரை மாற்ற வேண்டியதுதான். பல ஆண்டு ஓடிய ஏ.சி.யில் அந்தச் செலவை, புதிய ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.