ஜூனியர் கேட் டெக்னீஷியன் வேலைக்கான விண்ணப்பக் கடிதம்

ஜூனியர் கேட் டெக்னீஷியனின் அன்றாட வேலை, வடிவமைப்பு எஞ்சினியர் சொல்வதை லேத்தும் மில்லிங்கும் ஓட்டுபவர் தவறில்லாமல் படிக்கக்கூடிய டிராயிங்காக மாற்றுவது. விண்ணப்பக் கடிதமும் அந்தத் திறமையைத்தான் காட்ட வேண்டும். படித்த படிப்பும் மதிப்பெண்ணும் பயோடேட்டாவிலேயே இருக்கின்றன. செய்த டிராயிங் எப்படி உருவானது, எந்த அளவு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் இடம் கடிதம். ஒரு பக்கம் போதும்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கு, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒருவர் விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். முதல் பத்தியில் எந்தப் பதவி, எந்த விளம்பரம், என்ன படிப்பு என்ற மூன்றும் இரண்டு வரிகளில் முடிந்துவிட வேண்டும். கடிதத்தின் பெரும்பகுதி அடுத்து வரும் பிராஜெக்டுக்கு உரியது. அவரிடம் ஐந்து பிராஜெக்டுகள் இருந்தாலும், அந்தத் தொழிற்சாலையின் வேலைக்கு மிக நெருக்கமான ஒன்றை மட்டும் விரித்து எழுதுவது நல்லது. பழைய சென்ட்ரிஃபியூகல் பம்பு ஒன்றைக் கழற்றி, அளந்து, வரைந்தது இங்கே பொருத்தமானது.

“பம்பு ஒன்றின் 3டி மாடல் செய்தேன்” என்ற வரியால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அதையே இப்படி எழுதலாம்: “பம்பின் பாகங்களைக் கழற்றி அளந்து சாலிட்வொர்க்ஸில் மாடல் செய்தேன். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் வெர்னியரில் 25.02 மி.மீ. காட்டியது. அதில் இருந்தது 6205 பேரிங். அதன் உள்விட்டம் 25 மி.மீ. ஆகவே அளந்த எண்ணை அப்படியே எழுதாமல், டிராயிங்கில் 25 k6 என்று கொடுத்தேன்.”

இந்தச் சில வரிகளில் நிறைய அடங்கியிருக்கிறது. 25 மி.மீ. ஷாஃப்டுக்கு k6 என்றால் விட்டம் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை இருக்கலாம். இந்த இடைவெளி 0.013 மி.மீ. மட்டுமே. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவோ 0.02 மி.மீ. அந்தக் கருவி காட்டிய எண்ணை நம்பி டாலரன்ஸ் எழுதக் கூடாது என்பதும், பேரிங்கின் நிலையான அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் எழுதியவருக்குத் தெரியும். டிராயிங்கைச் சரிபார்க்கும் மூத்தவர் தேடுவது இந்தப் புரிதலைத்தான்.

செய்ய முடியாததையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இம்பெல்லர் இறக்கையின் வளைவை வெர்னியரால் துல்லியமாக எடுக்க முடியாது. “இறக்கையின் வளைவு தோராயமானது” என்று கடிதத்திலும் டிராயிங்கிலும் குறித்தால், மற்ற அளவுகளின் மேல் நம்பிக்கை கூடும். குழுவாகச் செய்த பிராஜெக்ட் என்றால் தன் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நேர்காணலில் கேள்வி அங்கிருந்தே தொடங்கும்.

மென்பொருள்களைப் பட்டியலாக அடுக்குவது பரவலான பிழை. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ என்று நான்கையும் ஒரே வரியில் எழுதினால், எதில் கை பழகியிருக்கிறது என்று தெரியாது. “சாலிட்வொர்க்ஸில் பாகம், அசெம்பிளி, பாகப் பட்டியலோடு கூடிய டிராயிங் ஆகியவற்றைத் தனியாகச் செய்வேன், ஆட்டோகேடில் 2டி டிராயிங்குகளைத் திருத்துவேன், கிரியோவில் அடிப்படைப் பயிற்சி மட்டும்” என்று வேலையைச் சொல்லித் தரம் பிரிக்க வேண்டும். பல நிறுவனங்கள் கணினியில் வரையச் சொல்லிச் சோதிப்பதால், கூட்டிச் சொன்னது அங்கேயே வெளிப்பட்டுவிடும். பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் குறிப்பிடலாம். புதிய பதிப்பில் சேமித்த சாலிட்வொர்க்ஸ் கோப்பு பழைய பதிப்பில் பொதுவாகத் திறக்காது.

அதே காரணத்தால் கடிதத்தோடு மூலக் கோப்புகளை அனுப்பாமல், டிராயிங்குகளை ஒரே பி.டி.எஃப். கோப்பாக அனுப்புவதே பாதுகாப்பு. பாகக் கோப்புகள் இல்லாமல் அசெம்பிளியை மட்டும் அனுப்பினால், எதிர்முனையில் பாகங்களைக் காணவில்லை என்ற செய்திதான் வரும். கடிதத்தில் விரித்து எழுதிய பம்பு முதல் தாளாக இருக்கட்டும். வண்ணப் படத்தைவிட, வெட்டுத்தோற்றமும் அளவுகளும் உள்ள ஷாஃப்ட் டிராயிங்கே அங்கே முக்கியம். இந்திய வழக்கப்படி ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைந்திருந்தால் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். தலைப்புக் கட்டத்தில் உள்ள குறியீடும் அதோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டும் முரண்பட்டால், கடிதத்தில் சொன்ன திறமை முதல் தாளிலேயே அடிபட்டுப்போகும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நிறுவனத்துக்காக வரைந்த டிராயிங்குகளை அனுமதியில்லாமல் இணைக்கக் கூடாது. அவை அந்த நிறுவனத்தின் சொத்து. என்ன வகை வேலை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, சொந்தமாக வரைந்ததை மட்டும் இணைக்கலாம். கடைசிப் பத்தியில் இணைப்பில் எத்தனை தாள்கள், எந்தத் தேதியில் வேலைக்குச் சேர முடியும், எந்த எண்ணில் அழைக்கலாம் என்ற விவரங்கள் இருந்தால் கடிதம் முழுமையாகிவிடும்.