பிரவுசிங் சென்டரில் லாக்-அவுட் செய்ய மறந்துட்டீங்களா? போனிலிருந்தே வெளியேறுவது எப்படி?

"அண்ணே, ஜிமெயில்ல ஒரு பிடிஎஃப் இருக்கு. ரெண்டு காப்பி வேணும்."

"அந்த சிஸ்டம்ல ஓப்பன் பண்ணி பிரிண்ட் குடுத்துருங்க தம்பி."

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் உள்ள எந்த ஜெராக்ஸ் கடையிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம். கடைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் நாலு பேர் வரிசை. வெளியே லோடு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. முன்னால் நின்றவர் ஜிமெயிலைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, காசைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் பொறி தட்டுகிறது: "ஐயோ, லாக்-அவுட் பண்ணினோமா?"

இப்படி ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு மண்டியில் கணக்கு எழுதும் இளைஞர். அவரது மெயிலில் வங்கி ஸ்டேட்மென்ட், முதலாளியின் ஜிஎஸ்டி விவரம், சொந்த ஆதார் நகல் எல்லாம் கிடக்கின்றன. கடைக்குத் திரும்பிப் போக அரை மணி நேரம் ஆகும். போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

டேப்பை மூடினால் போதாதா?

போதாது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனதும், கூகுளின் சர்வர் அந்த பிரவுசருக்கு ஒரு ரகசியக் குறியீட்டைக் கொடுக்கிறது. குக்கீ என்ற பெயரில் அது அந்த கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்படும். கல்யாண மண்டபத்தில் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. பட்டை இருக்கும்வரை வாசலில் யாரும் பத்திரிகையைக் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை அதே பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. டேப்பை மூடினாலும், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாலும், அந்தக் குறியீடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

அந்த கம்ப்யூட்டரிலேயே லாக்-அவுட் கொடுத்திருந்தால் பட்டை அங்கேயே கழன்றிருக்கும். தூரத்திலிருந்து செய்யும்போது நடப்பது வேறு. "இனி இந்தப் பட்டை செல்லாது" என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறோம். குறியீடு கடை கம்ப்யூட்டரிலேயே கிடந்தாலும், அதைக் காட்டினால் கூகுள் உள்ளே விடாது.

இதன் அர்த்தம் உலகத்துக்கே தெரிந்தது 2018 செப்டம்பரில். ஃபேஸ்புக்கின் 'View As' வசதியில் இருந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் இப்படிப்பட்ட குறியீடுகளைத்தான் அள்ளினார்கள். பாஸ்வேர்டு ஒன்றுகூடப் போகவில்லை. முதலில் கிட்டத்தட்ட 5 கோடி கணக்குகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன நிறுவனம், முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடி பேரைச் சேர்த்து, மொத்தம் 9 கோடி பேரின் குறியீடுகளை ஒரே மூச்சில் செல்லாததாக்கியது. காலையில் போனை எடுத்த பலருக்கும் "மறுபடி லாக்-இன் பண்ணுங்க" என்று வந்தது அதனால்தான். பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய தேவையில்லை என்றும் ஃபேஸ்புக் அப்போது சொன்னது. திருடு போனது சாவி அல்ல, பட்டை மட்டும்தான்.

பஸ்ஸில் இருந்தபடியே செய்ய வேண்டியது

நம் இளைஞருக்கு வருவோம். போனில் பிரவுசரைத் திறந்து இந்த முகவரிக்குப் போக வேண்டும்:

```
myaccount.google.com/device-activity
```

கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். அவருடைய ஆண்ட்ராய்டு போன், ஆபீஸ் லேப்டாப், அதோடு 'Windows' என்று ஒரு வரி. அந்த வரியைத் தொட்டால் எந்த பிரவுசர், எந்த ஊர், கடைசியாக எப்போது என்ற விவரம் தெரியும். அங்கேயே 'Sign out' இருக்கும். அதை அழுத்தி உறுதி செய்தால் வேலை முடிந்தது.

ஊர் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். காந்தி மார்க்கெட்டில் உட்கார்ந்து திறந்த கணக்கு சென்னை என்றோ பெங்களூரு என்றோ காட்டலாம். இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்துப் போடும் கணக்கு அது, கடையின் விலாசம் அல்ல. அதனால் ஊரைவிட நேரத்தை நம்புங்கள். பதினொன்றரைக்குக் கடையில் இருந்தீர்கள், பட்டியலிலும் அதே நேரம் காட்டுகிறது என்றால் அது கடை கம்ப்யூட்டர்தான். நீங்கள் பஸ் ஏறிய பிறகும் அந்த வரியில் நேரம் புதிதாக மாறியிருந்தால், கணக்கு அங்கே இன்னும் திறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து உட்கார்ந்தவர் தெரியாமல் பார்த்தாரா, தெரிந்தே துழாவினாரா என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது.

ஒரே 'Windows' பெயரில் இரண்டு மூன்று வரிகள் இருந்தால் குழப்பம் வரும். எது நம்முடையது என்று சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுவதே நல்லது. ஆபீஸ் லேப்டாப்பில் மறுபடி ஒருமுறை பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

வேறொரு கம்ப்யூட்டர் கைவசம் இருந்தால், ஜிமெயிலின் கீழ்ப்பகுதியில் வலது ஓரம் சின்ன எழுத்தில் 'Details' என்று இருப்பதைக் கவனியுங்கள். அதற்குள் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் ஒரே சொடுக்கில் வெளியேறும் பட்டன் இருக்கிறது. 2008 ஜூலையிலேயே வந்த வசதி இது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஜிமெயில் வைத்திருப்பவர்களிலும் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவுதான்.

பிரிண்ட் எடுத்தது வாட்ஸ்அப் வெப் வழியாக என்றால் வேலை இன்னும் சுலபம். வாட்ஸ்அப்பில் 'Linked devices' பகுதிக்குப் போய், அந்த கம்ப்யூட்டரின் பெயரைத் தொட்டு 'Log out' கொடுங்கள். இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. "போன்ல நெட் ஆஃப் பண்ணிட்டா அங்கேயும் கட் ஆயிடும்" என்பது பழைய காலத்துக் கதை. இப்போது போன் அணைந்திருந்தாலும் இணைத்த கம்ப்யூட்டரில் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். போனையே 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால்தான் அது தானாகத் துண்டிக்கப்படும். தினமும் போனை நோண்டும் நமக்கு அந்த நாள் வரவே வராது.

வெளியேற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பட்டையைத்தான் செல்லாததாக்கினோம். கடையில் விட்டுவந்த மற்ற பொருட்கள் அப்படியே இருக்கின்றன.

முதலாவது, டவுன்லோடு ஆன ஃபைல். பிரிண்ட் கொடுப்பதற்காக இறக்கிய ஸ்டேட்மென்ட் அந்த கம்ப்யூட்டரின் Downloads ஃபோல்டரில் நேற்று வந்தவரின் ஹால் டிக்கெட்டுக்கும் இன்று வருபவரின் ரெஸ்யூமேவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். போனிலிருந்து அதை அழிக்க வழியே இல்லை. கடைக்காரரிடம் சொல்லி, Recycle Bin உட்பட அழிக்கச் சொல்வது மட்டும்தான் தீர்வு. ஆதார், பான் மாதிரி ஆவணம் என்றால் அதற்காக ஒருமுறை திரும்பிப் போவதுகூட வீண் அலைச்சல் இல்லை.

இரண்டாவது, பாஸ்வேர்டு. "Save password?" என்று பிரவுசர் கேட்டபோது அவசரத்தில் சரி என்று தட்டியிருந்தால், வெளியேற்றிய அடுத்த நிமிடமே அந்த கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் மறுபடி உள்ளே போகலாம். தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் கீலாக்கர் அங்கே இருந்தாலும் இதே கதைதான். அதனால் பாஸ்வேர்டை டைப் செய்து உள்ளே போனவர்கள் வெளியேற்றுவதோடு நிறுத்தக் கூடாது. முதலில் சொந்த போனில் பாஸ்வேர்டை மாற்றி, பிறகு மேலே சொன்ன பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். வரிசை மாறினால், நீங்கள் ஒரு வாசலை மூடும்போது பழைய சாவியோடு இன்னொருவர் இன்னொரு வாசலில் நுழைந்துவிடலாம்.

பாஸ்வேர்டை மாற்றினாலே கூகுள் பெரும்பாலான இடங்களிலிருந்து வெளியேற்றிவிடும். ஆனால் எல்லா இடத்திலிருந்தும் அல்ல. உங்களை உறுதிப்படுத்தப் பயன்படும் சாதனங்கள், நீங்கள் அனுமதி கொடுத்த சில வெளி ஆப்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மாற்றிய பிறகும் பட்டியலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, குரோம். ஜிமெயிலில் மட்டும் நுழைவது வேறு, குரோம் பிரவுசரையே உங்கள் கணக்கோடு இணைத்து 'Sync' கொடுப்பது வேறு. அப்படிக் கொடுத்திருந்தால் நீங்கள் வருடக்கணக்கில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் கடை கம்ப்யூட்டரில் இறங்கத் தொடங்கியிருக்கும். வெளியேற்றினால் இனிமேல் இறங்குவது நிற்கும். ஏற்கெனவே இறங்கியவை அங்கேயே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. இந்த நிலையில் இருப்பவர்கள் வங்கி, இமெயில் பாஸ்வேர்டுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றத்தான் வேண்டும். பாவம், அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடும்.

யாரோ உள்ளே வந்திருந்தால்?

கணக்கை யாராவது துழாவியிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து Settings-க்குள் 'Forwarding and POP/IMAP' பகுதியையும் 'Filters' பகுதியையும் பாருங்கள். உங்களுக்கு வரும் மெயில்கள் வேறொரு முகவரிக்கும் போகும்படி யாராவது வைத்திருந்தால், நீங்கள் எத்தனை முறை வெளியேற்றினாலும், பாஸ்வேர்டை மாற்றினாலும், அது நிற்காது. நீங்களே தேடிப் போய் நீக்க வேண்டும். கணக்கை மீட்க உதவும் போன் நம்பரும் மாற்று மெயிலும் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். அப்போது கடைக்குப் போன தேதியும் நேரமும் உதவும். 2011 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த சைபர் கஃபே விதிகளின்படி, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதி, குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டியது பிரவுசிங் சென்டரின் பொறுப்பு. ஆனால் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து நடக்கும் ஜெராக்ஸ் கடையில் அப்படி ஒரு நோட்டைப் பார்ப்பது அபூர்வம்தான். அதனால் வெளியேற்றும் முன் அந்த 'Windows' வரியின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள். வெளியேற்றிய பிறகு கொஞ்ச நாளில் அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

அடுத்த முறை

கடை கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், Ctrl, Shift, N மூன்றையும் சேர்த்து அழுத்தி குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்கள். எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடியதும் பட்டை கழன்றுவிடும். ஒன்று திறந்திருந்தாலும் கழலாது. டவுன்லோடு ஆன ஃபைல் இதிலும் தங்கும், கீலாக்கர் இருந்தால் இதிலும் வேலை செய்யும்.

கணக்கைத் திறக்காமலே பிரிண்ட் எடுப்பது அதைவிட மேல். பல கடைகளில் அவர்களின் மெயில் முகவரியை அட்டையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்கு ஃபைலை அனுப்பினால் உங்கள் கணக்கு அந்த கம்ப்யூட்டரைத் தொடவே தொடாது. பிரிண்ட் கையில் வந்ததும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி: "அண்ணே, அந்த மெயிலையும் ஃபைலையும் டெலிட் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அழிக்கும்வரை நின்று பார்ப்பது.