சீசன் முடிந்தது, கோச்சுக்கு என்ன?

சென்னையில் மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆறு மாதம் இருட்டோடு எழுந்து ஓடியவர்களுக்குத் தொடைவலி இறங்குவதற்குள் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும். பழைய குழுவில் இருந்த எல்லோரும் அதில் இருப்பார்கள், கோச் மட்டும் இருக்க மாட்டார். முதல் செய்தி, "சாருக்கு ஏதாவது செய்யணும்." இரண்டாவது, "ஒரு ஷீல்டு அடிச்சிடலாமா?"

அந்த இரண்டாவது செய்தியிலேயே பல குழுக்களின் யோசனை நின்றுபோகிறது. ஒரு பொன்னாடை, பெயர் பொறித்த கேடயம், ஒரு குரூப் போட்டோ, விஷயம் முடிந்தது. பொன்னாடையையாவது அவர் அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்தலாம். கேடயத்தில் அவர் பெயரே இருக்கிறது, யாருக்கும் கொடுக்க முடியாது. பத்து வருடம் பயிற்சி கொடுத்தவர் வீட்டில் இப்படி ஓர் அலமாரியே நிறைந்திருக்கும். தூசி தட்டுவது அவர் மனைவியின் வேலை.

பள்ளிப் பிள்ளைகள் கோச்சுக்குக் கொடுக்கும் பரிசைப் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். வளர்ந்தவர்கள் கதை வேறு. இவர்கள் மாதக் கட்டணம் கட்டிப் பயிற்சி பெறுகிறவர்கள், பலர் கோச்சைவிட அதிகம் சம்பாதிப்பவர்கள். அதனால்தான் பரிசுப் பேச்சைத் தொடங்குமுன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும் என்பேன்: யார் யார் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறார்கள்? நவம்பர் மழையில் பாதி நாள் வரவில்லை என்று அந்த மாதப் பணத்தை அப்படியே விட்டவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். கோச் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். 1,500 ரூபாய் பாக்கி வைத்துக்கொண்டு பரிசுக்கு 500 ரூபாய் தருகிறவர் உண்மையில் 1,000 ரூபாய் கடன்காரர். குழுவில் மூத்தவர் ஒருவர் பெயர் சொல்லாமல், "பாக்கி இருந்தா இந்த வாரத்துக்குள்ள சாருக்கு நேரா அனுப்பிடுங்க" என்று ஒரு வரி போட்டால் போதும். சம்பளம் சம்பளமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பரிசு பரிசாக இருக்கும்.

அடுத்தது, என்ன வாங்குவது. மைதானத்தில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டப் பயிற்சியாளர் என்றால் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு விசில், ஒரு அட்டையும் பேனாவும். இந்த மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை டிராக்கில் 12 பேர் 800 மீட்டரை ஆறு முறை ஓடுகிறார்கள். ஒவ்வொருவர் கோட்டைத் தாண்டும்போதும் கோச் பட்டனை அழுத்தி நேரத்தை உரக்கச் சொல்கிறார். மலிவான கடிகாரம் கடைசி நேரத்தை மட்டும் காட்டும், அல்லது பத்துப் பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் அவர் ஒரு கண்ணால் ஓடுகிறவர்களையும் இன்னொரு கண்ணால் அட்டையையும் பார்த்துக்கொண்டு மொபைல் வெளிச்சத்தில் கிறுக்குகிறார். அந்த நேரத்தில் உங்கள் தோள் இறுகியிருப்பதையோ பாதம் உள்ளே சாய்வதையோ அவர் பார்க்கவே இல்லை. நினைவகம் உள்ள கடிகாரம் என்றால் அழுத்திக்கொண்டே போகலாம், வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக வரவழைத்து எழுதிக்கொள்ளலாம்.

எத்தனை பதிவு தேவை என்பது சின்னக் கணக்கு. 12 பேர், ஆறு முறை, 72 பதிவு. பாதித் தூரத்திலும் நேரம் எடுப்பவர் என்றால் 144. ஆகவே 200 பதிவு கொள்ளும் கடிகாரமாகப் பார்த்து வாங்கினால் நிம்மதி. மழையில் நனைந்தாலும் தாங்குமா, பேட்டரியைப் பக்கத்துக் கடையிலேயே மாற்ற முடியுமா, விரல் ஈரமாக இருந்தாலும் பட்டன் வழுக்காமல் அழுந்துமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் அதனால் முடியாது: நேரத்தை வைத்துக்கொள்ளும், யாருடைய நேரம் என்று வைத்துக்கொள்ளாது. யார் முதலில் வந்தார், யார் அடுத்து வந்தார் என்று வரிசையை எழுத இன்னொருவர் வேண்டும். அந்த வேலையைக் காயத்தால் ஓடாமல் நிற்பவர் செய்யலாம்.

விசிலுக்கும் ஒரு கதை உண்டு. பழைய விசிலுக்குள் உருளும் சின்ன உருண்டை எச்சிலிலும் மழை நீரிலும் ஒட்டிக்கொண்டால் சத்தம் வராது. கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு முக்கியமான ஆட்டத்தின் நடுவே இப்படித்தான் விசில் கைவிட்டது. அதன் பிறகு உருண்டையே இல்லாத விசிலை உருவாக்கி 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஃபாக்ஸ் 40 என்ற பெயரில் அது இன்றும் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் திறந்தவெளியில் நிற்கும் கோச்சுக்கு அது நல்ல பொருள்.

ஷூ வாங்கித் தரலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ரகசியமாகச் செய்ய முடியாத யோசனை. ஒரு நிறுவனத்தின் 8-ஆம் எண் இன்னொன்றில் இறுக்கும். இங்கிலாந்து அளவா அமெரிக்க அளவா என்ற குழப்பம் வேறு. ஷூவின் நாக்குக்கு உள்பக்கச் சீட்டில் சென்டிமீட்டரிலும் அளவு போட்டிருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் தவறு குறையும், தீராது. அதோடு கோச் உங்களைப் போல ஓடுவதில்லை, இரண்டரை மணி நேரம் நிற்கிறார். ஓடுகிறவருக்குப் பிடித்த மெத்தென்ற ஷூ, நிற்கிறவரின் கணுக்காலை ஆட்டிவிடலாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் அவரையே கடைக்குக் கூட்டிப்போங்கள். புரோட்டீன் டப்பாவும் மற்ற சத்துப்பொடிகளும் வேண்டவே வேண்டாம். சட்டையும் சென்ட்டும்கூட அப்படித்தான்.

பணமாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்குகிறவர்கள் அதிகம். மொய்க் கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைத்துப் பழகிய ஊரில் இந்தத் தயக்கம் எனக்கு விளங்குவதில்லை. தனியாகப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கும் கோச்சுக்கு ஜனவரி மாதம்தான் இறக்கத்தின் தொடக்கம். போட்டி முடிந்ததும் பாதிப் பேர் 'கொஞ்சம் ரெஸ்ட்' என்று நின்றுவிடுவார்கள். ஏப்ரல், மே வெயிலில் இன்னும் குறைவார்கள். அவருடைய வாடகை மட்டும் குறையாது.

ஒரு குழுவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 பேர். இவ்வளவுதான் தர வேண்டும் என்று வைக்கவில்லை. 300 ரூபாயிலிருந்து தொடங்கலாம், 1,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். மேல் எல்லை போடுவது முக்கியம். ஒருவர் 5,000 அனுப்பிவிட்டால் 300 அனுப்பியவர் குன்றிப்போவார். பணம் ஒருவருடைய யுபிஐ எண்ணுக்குப் போனது, யார் எவ்வளவு என்ற பட்டியல் குழுவில் வரவில்லை, மொத்தம் மட்டும் வந்தது. ஒன்பது பேர் 300, ஏழு பேர் 500, நான்கு பேர் 1,000. ஆக 10,200 ரூபாய். நான்கு பேர் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஸ்டாப்வாட்சுக்கு 2,600, விசிலுக்கு 500, கெட்டி அட்டை போட்ட நோட்டுக்கு 400. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில் கடைசி ஆளோடு கூடவே ஓடிவரும் உதவிப் பயிற்சியாளருக்கு 1,500. விடியுமுன் வந்து கேட்டைத் திறந்து விளக்குப் போடும் மைதானக் காவலருக்கு 1,000. இந்த இருவரை மறந்துவிட்டு கோச்சுக்கு மட்டும் விழா எடுக்கும் குழுக்களைப் பார்த்தால் கோச்சுக்கே சங்கடமாக இருக்கும். மீதி 4,200. பணம் வாங்கியவர் தன் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு 4,201 ஆக்கிக் கவரில் வைத்தார். டிபன் செலவு இதில் சேராது, அவரவர் பங்கு அவரவர்.

அந்த நோட்டு எதற்கு? ஆளுக்கு ஒரு பக்கம், கையால் எழுத. 'எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தீர்கள்' என்று எழுதினால் கேடயத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. "ஜூலையில் 5 கிலோமீட்டருக்கு 38 நிமிடம். ஆகஸ்டில் முழங்கால் வலித்தபோது மூன்று வாரம் என்னை ஓடவிடாமல் சைக்கிள் மட்டும் மிதிக்க வைத்தீர்கள், உங்கள் மேல் கோபமாக இருந்தேன். ஜனவரியில் 31 நிமிடம், வலி இல்லை" என்பது போல எழுதினால் அது அவருக்கு வேலைக்கு ஆகும். யாருக்கு எந்த முறை பலித்தது என்று அடுத்த சீசனுக்குத் திட்டம் போடும்போது புரட்டுவார். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று எழுதுகிறவரே ஓரத்தில் குறித்துவிட்டால் இன்னும் நல்லது. விருப்பமில்லாதவர் பக்கத்தை அவர் காட்ட மாட்டார்.

எப்போது கொடுப்பது என்பதில் ஓட்டக் குழுவுக்குச் சிக்கல் இல்லை. கிரிக்கெட், வாலிபால் அணிக்கு உண்டு. யார் ஆட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறவருக்கு சீசன் நடுவில் ஒருவர் தனியாகப் பரிசு கொடுத்தால், அவர் நல்ல எண்ணத்தில் கொடுத்திருந்தாலும் பெஞ்சில் இருப்பவர் கண்ணுக்கு அது வேறாகத்தான் தெரியும். கடைசி ஆட்டம் முடியட்டும். தனியாக ஏதாவது தர விரும்புகிறவர் அதைக் குழுவின் முன்னால் நீட்டாமல் பிறகு வீட்டில் போய்க் கொடுக்கட்டும்.

கோச் எங்கே வேலை பார்க்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர், ரயில்வே ஊழியர், அரசு விளையாட்டுத் துறைப் பயிற்சியாளர் என்றால் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகள் இருக்கும். அவர்களுக்குக் கவரைத் தவிர்த்து நோட்டும் விசிலும் கொடுப்பதே அவர்களைக் காப்பாற்றும். வருமான வரிக் கணக்கிலும் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்புப் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். நாலைந்து குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் இதைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

பெரிதாகச் செய்ய வசதி உள்ள குழுக்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1961-இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. சான்றிதழ் இருந்தால் பள்ளி, கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கோச்சின் பேச்சுக்கு எடை கூடும். சேருவதற்கான தகுதிகளை அவரே பார்த்துக்கொள்வார். அவரைத் தடுப்பது பெரும்பாலும் கட்டணம் அல்ல, ஆறு வாரம் வருமானம் இல்லாமல் வெளியூரில் இருக்க வேண்டியிருப்பது. அதனால் "படிப்புக்குப் பணம் தருகிறோம்" என்பதோடு, "நீங்கள் இல்லாத அந்த மாதத்துக்கும் கட்டணம் கட்டிவிடுகிறோம், திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாங்களே ஓடிக்கொள்கிறோம்" என்று 15 பேர் சொன்னால்தான் அவரால் டிக்கெட் எடுக்க முடியும். இதை ஜனவரியிலேயே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத் தேதி போன பிறகு சொல்லிப் பயனில்லை.