துணை நிறுவனத்தின் பங்குகள் யார் பெயரில்?

பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் ஒரு துணை நிறுவனத்தை ‘நூறு சதவீதம் நமக்குச் சொந்தம்’ என்று காட்டலாம். அந்தப் பங்குகள் தாய் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கின்றனவா, இடையில் உள்ள வேறொரு குழும நிறுவனத்தின் பெயரிலா என்பது அதிலிருந்து தெரியாது. முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கவேண்டி வருவது இதனால்தான்.

ஜாகுவார் லேண்ட் ரோவர் இதற்கு நல்ல உதாரணம். 2008இல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து 230 கோடி டாலருக்கு டாட்டா மோட்டார்ஸ் அதை வாங்கியதாகவே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனில் உள்ள ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆட்டோமோட்டிவ் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பது சிங்கப்பூரில் பதிவான டிஎம்எல் ஹோல்டிங்ஸ். கார் விற்ற லாபம் ஈவுத்தொகையாக மேலே வரும்போது முதலில் சிங்கப்பூரில்தான் இறங்கும். அந்த இடை நிறுவனம் கடன் வாங்கியிருந்தால் வட்டியும் தவணையும் போக மிஞ்சுவதே இந்தியாவுக்கு வரும். 2025 அக்டோபரில் டாட்டா மோட்டார்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது பயணிகள் வாகனப் பிரிவோடுதான் ஜாகுவார் போனது. லாரி, பேருந்துப் பிரிவின் பங்கை வைத்திருப்பவருக்கு அதில் இப்போது பாத்தியதை இல்லை. எந்த நிறுவனத்தின் கீழ் எது இருக்கிறது என்பது பங்குதாரரின் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி.

மின்னஞ்சல் எழுதுமுன் தனி நிதிநிலை அறிக்கையைப் புரட்ட வேண்டும். அதில் ‘முதலீடுகள்’ என்ற குறிப்பில் தாய் நிறுவனம் தன் பெயரில் வைத்திருக்கும் பங்குகள் நிறுவனவாரியாக இருக்கும். ஒருங்கிணைந்த கணக்கில் வரும் ஒரு துணை நிறுவனம் இங்கே இல்லையென்றால் அது பெரும்பாலும் வேறொன்றின் வழியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிகள் சட்டப்படி ஆண்டறிக்கையோடு இணைக்கும் ஏஓசி-1 படிவத்தில் துணை நிறுவனங்களின் பட்டியலும் பங்கு சதவீதமும் கிடைக்கும்; யார் பெயரில் என்பதற்கு அதில் தனிக்கட்டம் கிடையாது. வாசகர் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சதவீதத்தையும் அப்படியே நம்பக்கூடாது. தாய் நிறுவனம் இடை நிறுவனத்தில் 80 சதவீதமும், இடை நிறுவனம் துணை நிறுவனத்தில் 75 சதவீதமும் வைத்திருந்தால், லாபத்தில் தாய்க்குச் சேர்வது 60 சதவீதம்தான். அறிக்கையில் உள்ள எண் இந்த அறுபதா, எழுபத்தைந்தா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

மின்னஞ்சல் போகவேண்டிய இடமும் முக்கியம். பங்கு மாற்றப் பதிவாளர் தாய் நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலை மட்டும் பராமரிப்பவர். துணை நிறுவனத்தின் விவரம் அவரிடம் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளருக்கென்று தரப்பட்டுள்ள முகவரிக்கே எழுத வேண்டும். ‘அந்தக் கம்பெனி யாருடையது?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘எங்கள் முழு உரிமைத் துணை நிறுவனம்’ என்ற ஒற்றை வரி வரும். இடை நிறுவனம் வழியாக இருந்தாலும் அந்த வரி உண்மைதான். கேட்டதற்கு மட்டும் பதில் இராது. கேள்வியை இப்படி இறுக்கலாம்:

“வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தின் பங்குதாரர். ஆண்டறிக்கையின் துணை நிறுவனப் பட்டியலில் இன்ன நிறுவனத்தில் 100 சதவீதம் என்று உள்ளது. தனி நிதிநிலை அறிக்கையின் முதலீட்டுக் குறிப்பில் அதன் பெயர் இல்லை. மார்ச் 31 அன்று அதன் பங்குகள் எந்தக் குழும நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தன? அதன் பிறகு மாற்றம் ஏதும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இது வெளியாகியுள்ள ஆவணத்தின் பெயரையும் பக்கத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

தேதியும் ‘வெளியாகியுள்ள ஆவணம்’ என்ற சொல்லும் காரணத்தோடு இருப்பவை. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடாத தகவலை ஒருவருக்கு மட்டும் சொல்வதை செபியின் 2015ஆம் ஆண்டு உள்தகவல் வணிகத் தடை விதிகள் தடுக்கின்றன. நடந்துகொண்டிருக்கும் பங்கு மாற்றத்தைக் கேட்டால் அதிகாரி வாய் திறக்க முடியாது. ஏற்கெனவே அச்சில் உள்ளதைக் காட்ட அவருக்குத் தடையில்லை.

பதில் வராவிட்டால் துணை நிறுவனம் பதிவான நாட்டின் பதிவேட்டுக்குப் போகலாம். பிரிட்டனின் கம்பெனிகள் பதிவகத்தில் இணையவழியே கட்டணமின்றிப் பார்க்கலாம். இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் கட்டி, துணை நிறுவனத்தின் ஆண்டு விவரணையைப் பார்க்கலாம்.

இந்திய நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலில் தாய் நிறுவனத்தோடு ஆளுக்கொரு பங்காகச் சில தனிமனிதர் பெயர்களும் இருப்பதுண்டு. பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இருவர், பொது நிறுவனம் என்றால் எழுவர் உறுப்பினராக இருக்கவேண்டும் என்ற சட்டத்துக்காக, தாய் நிறுவனத்தின் சார்பில் பெயரளவில் வைக்கப்பட்டவை அவை. அதன் பலனும் தாய் நிறுவனத்துக்கே சேரும். அவர்களை வெளியார் பங்காளிகளாக எண்ணி 100 சதவீதம் என்பது பொய் என்று முடிவுகட்டக்கூடாது.